ஜே88 படிவத்தில் காயத்தை எழுதுவது எப்படி?

கேள்வி: சென்னையில் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு இப்போது டர்பன் பக்கம் ஓர் அரசு மருத்துவமனையின் கேஷுவாலிட்டியில் வேலை பார்க்கிறேன். ஊரில் ஏ.ஆர். காப்பியும் வூண்ட் சர்ட்டிஃபிகேட்டும் எழுதிப் பழக்கம். இங்கே அடிதடி கேஸ்களோடு, காயங்களை டாக்டர் கோர்ட்டுக்காகப் பதிவு செய்து தரும் ஜே88 படிவத்தைப் போலீஸ் கொண்டுவருகிறது. சிம்பிளா, கிரீவியஸா என்று அதில் எங்கே எழுதுவது? காயங்களை எந்த வரிசையில், என்ன வார்த்தைகளில் எழுதினால் கோர்ட்டில் நிற்கும்?

பதில்:

எங்கேயும் எழுத வேண்டாம். ஊர்ப் பழக்கத்தில் நீங்கள் முதலில் விட வேண்டியது இதுதான். இந்தியாவில் பழைய தண்டனைச் சட்டத்தின் 320ஆம் பிரிவும், 2024 ஜூலை முதல் அதன் இடத்துக்கு வந்த நியாய சன்ஹிதாவின் 116ஆம் பிரிவும் எதெல்லாம் கொடுங்காயம் என்று பட்டியல் போட்டுத் தருகின்றன. எலும்பு முறிந்ததா, பல் போனதா என்று பார்த்து டாக்டர் முத்திரை குத்திவிடலாம். தென்னாப்பிரிக்காவில் அப்படிப் பட்டியல் கிடையாது. இங்கே சாதாரணத் தாக்குதல் ஒரு குற்றம், கடுங்காயம் விளைவிக்கும் நோக்கத்தோடு தாக்குவது வேறொரு குற்றம். இரண்டையும் பிரிப்பது தாக்கியவனின் நோக்கம்தான். காயம் சின்னதாக இருந்தும் நோக்கம் பெரிதாக இருக்கலாம். அதை முடிவு செய்வது மாஜிஸ்திரேட்டின் வேலை. நீங்கள் ‘கிரீவியஸ்’ என்று எழுதினால் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, “நோக்கத்தை எந்தப் பரிசோதனையில் கண்டுபிடித்தீர்கள், டாக்டர்?” என்று கேட்பார். அதற்குப் பதில் சொல்ல முடியாது.

காயம் எவ்வளவு ஆபத்தானது என்பதைச் சொல்லவே கூடாது என்று அர்த்தமில்லை. நடந்ததை எழுதுங்கள். ‘சுண்டுவிரல் மடக்கும் தசைநார் முழுதும் அறுந்திருந்தது, தியேட்டரில் தைக்கப்பட்டது’ என்பது எந்த முத்திரையையும்விட அதிகம் சொல்லும்.

இனி படிவத்துக்கு வருவோம். பல பக்கம் இருந்தாலும் பெரும்பகுதி பாலியல் குற்ற வழக்குகளுக்கானது, அது தனிப் பயிற்சி கேட்கும் விஷயம். சாதாரண அடிதடி கேஸில் உங்களுக்கு வேண்டியவை முதல் பகுதிகளும் கடைசியில் உள்ள உடல் வரைபடங்களும் மட்டுமே. ஆரம்பத்தில் போலீஸ் ஸ்டேஷன் பெயர், வழக்குக்குப் போலீஸ் தரும் காஸ் நம்பர், விசாரணை அதிகாரி, பரிசோதனை நடந்த தேதி, நேரம், இடம், உங்கள் விவரம், பரிசோதிக்கப்பட்டவர் விவரம் வரும். அப்புறம் பழைய நோய், மருந்து. பிறகு உடைகளின் நிலை, உயரம், எடை, உடல்வாகு. அதன் கீழே ‘மருத்துவக் கண்டுபிடிப்புகள்’ என்ற கட்டம். ஒவ்வொரு காயத்தின் தன்மை, இடம், அளவு ஆகியவற்றோடு அது எப்போது, எப்படி ஏற்பட்டிருக்கலாம் என்பதையும் எழுதச் சொல்லி அந்தக் கட்டத்திலேயே குறிப்பு இருக்கும். கடைசியாக மனநிலை, மது அல்லது போதையின் அறிகுறி, முடிவுரை. வழக்கு நிற்பதும் விழுவதும் மருத்துவக் கண்டுபிடிப்புகளிலும் முடிவுரையிலும்தான். அதனால் அந்த இரண்டைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு கேஸை எடுத்துக்கொள்வோம். இது நான் கற்பனையாக அமைத்தது. ஆனால் சனிக்கிழமை ராத்திரி டியூட்டி பார்த்த யாருக்கும் புதிதாக இருக்காது. சாட்ஸ்வர்த்தைச் சேர்ந்த 34 வயது ஆண், ஞாயிறு விடிகாலை 1 மணிக்கு வருகிறார். முந்தின இரவு 10 மணிபோல வாசலில் தகராறு. ஒருவர் நாப்கெரியால், அதாவது குமிழ்த்தலை உள்ள கம்பால், தலையில் அடித்தார். இன்னொருவர் கத்தியை வீசினார். ஓடும்போது முதுகில் ஷாம்போக் சாட்டையால் அடி விழுந்தது. இப்படிச் சொல்கிறார். தலையில் ஒரு பிளவு, இடது முன்கையில் ஒரு பிளவு, முதுகில் சிவப்புத் தடம்.

பரபரப்பான இரவில் பெரும்பாலும் படிவத்தில் என்ன விழும் தெரியுமா? ‘தலையிலும் கையிலும் லேசரேஷன், தையல் போடப்பட்டது, முதுகில் கன்றல். தாக்கப்பட்டார்.’ அவ்வளவுதான். சிகிச்சை சரியாகவே நடந்திருக்கும். ஆனால் இந்த ஒரு வரியால் கத்தி காணாமல் போய்விட்டது.

லேசரேஷன் என்றால் கிழிகாயம். மொட்டையான பொருள் பட்டு, தோல் நசுங்கி, இழுபட்டுக் கிழிவது. கூர்மையான விளிம்பு பட்டு அறுபட்டது இன்சைஸ்டு வூண்ட், வெட்டுக்காயம். கேஷுவாலிட்டியில் திறந்த காயம் எல்லாவற்றையும் லேசரேஷன் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். தையல் போடும் அறையில் அதனால் ஒரு கெடுதலும் இல்லை. கோர்ட்டில் நிலைமை வேறு. கத்தியால் வெட்டப்பட்டதாகப் புகார்தாரர் சொல்கிறார், மொட்டையான பொருளால் கிழிந்தது என்று அரசு டாக்டர் எழுதியிருக்கிறார், ஆகவே புகார்தாரர் பொய் சொல்கிறார் என்று எதிர்த்தரப்பு வாதிடும். உங்கள் கையெழுத்தே அவர்களுக்குச் சாட்சி.

எப்படிப் பிரித்தறிவது? விளிம்பையும் உள்ளேயும் பார்க்க வேண்டும், தையலுக்கு முன்னால். கழுவி, நல்ல வெளிச்சத்தில், காயத்தின் இரண்டு உதடுகளையும் மெல்ல விலக்கிப் பாருங்கள். கிழிகாயத்தில் விளிம்பு ஒழுங்கற்று இருக்கும், ஓரத்தில் சிராய்ப்போ கன்றலோ தெரியும். முக்கியமாக, ஆழத்தில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நரம்பும் நாரும் நூல் நூலாக அறுபடாமல் குறுக்கே நிற்கும். கம்பு தோலைக் கிழிக்குமே தவிர எல்லா இழையையும் அறுக்காது. கத்தி போன பாதையில் அப்படி எதுவும் மிஞ்சாது. விளிம்பு சுத்தமாக இருக்கும், சுற்றிலும் கன்றல் இருக்காது. பெரும்பாலும் ஆழத்தைவிட நீளம் அதிகமாக இருக்கும்.

இதில் ஏமாற்றும் இடம் தலைதான். மண்டையோட்டுக்கும் தோலுக்கும் நடுவில் மெத்தை குறைவு. அதனால் கம்பால் அடித்தாலும் தோல் கோடு போட்டது மாதிரி நேராகப் பிளக்கும். பார்த்தவுடன் கத்தி என்று தோன்றும். புருவ மேடு, முன்னங்கால் எலும்பு மேலும் அப்படியே. அந்த இடங்களில் வெளித் தோற்றத்தை நம்பாதீர்கள். உள்ளே குறுக்கு இழைகள் இருக்கின்றனவா, ஓரத்தில் முடியின் வேர் நசுங்கியிருக்கிறதா, முடி வெட்டுப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். காயத்தைச் சுற்றி முடியைச் சிரைப்பதற்கு முன்னால் இதைப் பார்ப்பது நல்லது.

சரி, நம் ஆளுக்கு என்ன எழுதலாம்? படிவத்தில் ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள், நான் பொருளைத் தமிழில் தருகிறேன். ஒவ்வொரு காயத்துக்கும் ஓர் எண் கொடுங்கள், அதே எண்ணை வரைபடத்திலும் போடுங்கள்.

‘காயம் 1: தலையின் இடப்பக்கம், இடது காதின் மேல் ஒட்டிலிருந்து 7 செ.மீ. மேலே, முன்பின்னாகச் செல்லும் 4 செ.மீ. நீளக் கிழிகாயம். விளிம்பு ஒழுங்கற்றது, ஓரமெங்கும் சுமார் 3 மி.மீ. அகலத்தில் சிராய்ப்பு. ஆழத்தில் குறுக்கு இழைகள் தெரிகின்றன. அடியில் மண்டையோடு தெரிகிறது, விரலால் தடவியதில் முறிவு தட்டுப்படவில்லை. இரத்தம் கசிகிறது. ஆறத் தொடங்கியதற்கான அறிகுறி இல்லை.’

‘காயம் 2: இடது முன்கையின் சுண்டுவிரல் பக்க ஓரம், முழங்கை முனையிலிருந்து 9 செ.மீ. கீழே தொடங்கி மணிக்கட்டை நோக்கிச் சாய்வாகச் செல்லும் 6 செ.மீ. நீள வெட்டுக்காயம். விளிம்பு சுத்தமானது, சுற்றிலும் கன்றல் இல்லை, குறுக்கு இழை இல்லை. முழங்கைப் பக்க முனையில் தோலடிக் கொழுப்பு வரை ஆழம், மணிக்கட்டுப் பக்கம் ஆழம் குறைந்து மேலோட்டமான கீறலாக முடிகிறது. விரல்களின் அசைவும் உணர்ச்சியும் இயல்பு.’

‘காயம் 3: முதுகின் வலப்பக்கம், தோள்பட்டை எலும்பின் கீழ்முனைக்கு 2 செ.மீ. கீழே, சாய்வாகச் செல்லும் 12 செ.மீ. நீளமுள்ள இரண்டு இணைகோட்டுச் சிவந்த கன்றல்கள், நடுவில் 1 செ.மீ. அகலத்தில் கன்றாத தோல். தோல் கிழியவில்லை.’

இந்த மூன்றிலும் உள்ள வரிசையைக் கவனியுங்கள். எங்கே என்பதும் எவ்வளவு பெரிது என்பதும் முதலில். என்ன வகை, விளிம்பும் உள்பக்கமும் எப்படி, எவ்வளவு புதிது என்பவை அதைத் தொடர்ந்து. இடத்தைச் சொல்லும்போது எலும்பு, காது போன்ற நிலையான அடையாளத்திலிருந்து செ.மீ. கணக்கில் சொல்லுங்கள். ‘கையில்’ என்றால் எந்தக் கை, எந்தப் பக்கம் என்று இரண்டு வருஷம் கழித்து யாராலும் சொல்ல முடியாது. அளவை டேப்பால் எடுங்கள். ‘சின்னது’, ‘பெரியது’, ‘ரூபாய் நாணயம் அளவு’ எல்லாம் வேண்டாம். ஆழத்துக்காகக் குத்துக்காயத்துக்குள் கருவியை விட்டு அளக்கவே கூடாது. இரத்தக்கட்டி பெயர்ந்து இரத்தம் பீறிடலாம், இல்லாத பாதை ஒன்றும் உருவாகலாம். தியேட்டரில் சர்ஜன் பார்த்தது எதுவோ அதுவே ஆழம். நீங்களே காயத்தைப் பெரிதாக்கினாலோ அதன் வழியாகக் குழாய் போட்டாலோ அதையும் எழுதிவிடுங்கள். பின்னால் நோயாளி இறந்துபோனால், போஸ்ட்மார்ட்டம் செய்பவர் எது கத்தி, எது நீங்கள் என்று தெரியாமல் தவிப்பார்.

துப்பாக்கிக் காயத்திலும் இதே கவனம் வேண்டும். குண்டு நுழைந்த ஓட்டை, வெளியேறிய ஓட்டை என்று பெயர் சூட்டாதீர்கள். சின்னது நுழைவு, பெரியது வெளியேற்றம் என்ற கணக்கு அடிக்கடி தப்பும். ஒவ்வொரு ஓட்டையின் அளவு, வடிவம், ஓரச் சிராய்ப்பு, கரி அல்லது வெடிமருந்துத் துகள் இருக்கிறதா இல்லையா, இவை மட்டும் போதும்.

நம் ஆளின் முதுகில் இன்னொன்றும் இருக்கலாம். தைப்பூசம் முடிந்து ஒரு வாரத்துக்குள் அவர் வந்தால், தேர் இழுத்த கொக்கிகளின் தழும்பு வரிசையாக, ஆறத் தொடங்கிய சிறு துளைகளாகத் தெரியும். நாக்கிலும் கன்னத்திலும் வேல் தழும்பு இருக்கும். தீமிதி முடிந்த சமயமென்றால் பாதத்தில் சூட்டுக் கொப்புளம். நம் சனங்களைப் பழகாத டாக்டர் இதையும் தாக்குதல் கணக்கில் சேர்த்துவிடலாம், அல்லது பார்த்துவிட்டு எழுதாமல் விடலாம். இரண்டும் தப்பு. ‘முதுகின் இருபுறமும் ஆறிவரும் சிறு துளைக்காயங்கள், பொருக்குடன், புதியவை அல்ல. காவடி எடுத்தபோது ஏற்பட்டதாக நோயாளி சொல்கிறார்’ என்று தனியாக எழுதுங்கள். இந்த விஷயத்தில் உங்களுக்கு விளக்கம் தேவைப்படாது என்பது நல்ல வசதி.

காயத்தின் வயதைப் பற்றி ஒரு வார்த்தை. படிவம் தேதியைக் கேட்கிறது என்பதற்காகக் கன்றலின் நிறத்தைப் பார்த்து ‘மூன்று நாள் பழையது’ என்று எழுதாதீர்கள். சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று பாடப்புத்தகத்தில் படித்த அட்டவணை நிஜ உடம்பில் நிற்பதில்லை. ஆளுக்கு ஆள், இடத்துக்கு இடம் மாறும், கறுத்த தோலில் நிறமே சரியாகத் தெரியாது. ஓரளவு நம்பக்கூடியது ஒன்றுதான்: மஞ்சள் தெரிந்தால் அடிபட்டு குறைந்தது 18 மணி நேரமாவது ஆகியிருக்கும். மஞ்சள் இல்லாததால் புதியது என்று திருப்பிச் சொல்ல முடியாது. திறந்த காயத்துக்கு இரத்தக் கசிவு, பொருக்கு, சீழ், ஆறும் திசு என்று கண்ணால் கண்டதை எழுதி, ‘சொல்லப்படும் நேரத்தோடு பொருந்துகிறது’ என்று நிறுத்திக்கொள்ளுங்கள்.

இப்போது முடிவுரை. கண்டுபிடிப்பை எழுதி முடித்த பிறகே இந்தக் கட்டத்துக்கு வாருங்கள், இரண்டையும் கலக்காதீர்கள். மேலே கண்டது, கீழே கண்டதிலிருந்து நீங்கள் நினைப்பது. நம் கேஸில் இப்படி வரலாம்: ‘காயம் 1 மொட்டையான பொருளின் விசையால் ஏற்பட்டது, கம்பால் அடித்ததாகச் சொல்லப்படுவதோடு பொருந்துகிறது. காயம் 2 கூர்மையான விளிம்புள்ள பொருளால் ஏற்பட்டது, கத்தியோடு பொருந்துகிறது. கையை உயர்த்தித் தடுக்கும்போது இந்த இடத்தில் காயம் படக்கூடும். காயம் 3 நீண்ட, குறுகிய பொருளால் அடித்ததற்கு உரிய தோற்றம் உடையது, சாட்டை அல்லது தடியோடு பொருந்துகிறது.’

‘பொருந்துகிறது’ என்பது அடக்கமான வார்த்தை. அப்படியும் நடந்திருக்கலாம் என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. காயம் 2 கண்ணாடித் துண்டாலும் ஆகியிருக்கலாம், விசாரணையில் கேட்டால் ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் காயம் 3-க்கு நான் ‘உரிய தோற்றம்’ என்று ஒரு படி மேலே போனேன். நடுவில் வெளிறிய தோலும் இருபுறமும் கன்றலுமாக இரட்டைக் கோடு விழுவது தடி, சாட்டை போன்றவற்றின் அடையாளம், வேறு வழியில் வருவது அபூர்வம். சித்திரவதைக் காயங்களைப் பதிவு செய்ய ஐ.நா. வெளியிட்ட இஸ்தான்புல் நெறிமுறையில் இதற்கு ஓர் ஏணி இருக்கிறது: பொருந்தவில்லை, பொருந்துகிறது, மிகவும் பொருந்துகிறது, அதற்கே உரியது, அதைத் தவிர வேறாக இருக்க முடியாது. ஜே88 அதைக் கேட்பதில்லை என்றாலும், எழுதும் முன் எந்தப் படியில் நிற்கிறோம் என்று மனசுக்குள் கேட்டுக்கொள்ள நல்ல கருவி. என் கணக்கில் கேஷுவாலிட்டிக் காயங்களில் பெரும்பாலானவை இரண்டாம் படியில்தான் நிற்கும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

‘தாக்கப்பட்டார்’, ‘தற்காப்புக் காயம்’, ‘கத்திக்காயம்’ என்று உறுதியாக எழுதாமல் இருப்பது இதனால்தான். நீங்கள் கத்தியைப் பார்க்கவில்லை, கை உயர்ந்ததையும் பார்க்கவில்லை. காயமே தென்படாத கேஸில் ‘நார்மல்’ என்று ஒற்றை வார்த்தையோடு நிறுத்தாதீர்கள். கன்னத்தில் அறைந்தாலோ கழுத்தைப் பிடித்தாலோ தடயம் விழாமலே போகலாம். ‘காயம் எதுவும் தென்படவில்லை. சொல்லப்படும் தாக்குதலை இது மறுப்பதாகாது’ என்று இரண்டு வாக்கியம் எழுதுங்கள். குடும்ப வன்முறை கேஸ்களில் அந்த இரண்டாவது வாக்கியம் இல்லாமல் போவது ஒரு பெண்ணுக்குப் பெரிய அநியாயம்.

நடந்த கதையைச் சுருக்கமாக வையுங்கள். யார், எதனால், எப்போது, உடம்பில் எங்கே. தகராறு எப்படித் தொடங்கியது என்பது போலீஸ் வாக்குமூலத்துக்குரியது. வலியிலும் குடியிலும் உங்களிடம் சொன்னதற்கும் மறுநாள் போலீஸிடம் சொன்னதற்கும் சின்ன முரண் இருந்தால் அதை வைத்தே நோயாளியைப் பொய்யராக்குவார்கள். அவர் இசிஸூலுவில் சொல்லி நர்ஸ் மொழிபெயர்த்தாலும், ஒரு வயதான பாட்டி தமிழில் சொல்லி நீங்களே புரிந்துகொண்டாலும், எந்த மொழியில், யார் மூலம் கேட்டீர்கள் என்று ஒரு வரி போடுங்கள். மது விஷயத்தில் ‘குடித்திருந்தார்’ வேண்டாம். மூச்சில் மது வாடை, பேச்சு குழறல், நடை தள்ளாட்டம் என்று கண்டதை எழுதுங்கள். தலையில் அடிபட்டவருக்குக் குழறலும் தள்ளாட்டமும் அடியாலேயே வரலாம்.

காலியான கட்டங்களையும் அப்படியே விடாதீர்கள். ‘பரிசோதிக்கவில்லை’ என்பதும் ‘பரிசோதித்தேன், எதுவும் இல்லை’ என்பதும் வேறு வேறு. காலிக் கட்டம் இரண்டில் எது என்று யாருக்கும் தெரியாது. சுருக்கெழுத்து வேண்டாம், பிராசிக்யூட்டர் டாக்டர் இல்லை. தப்பாக எழுதியதை ஒரே கோட்டால் அடித்து, பக்கத்தில் இனிஷியலும் தேதியும் போடுங்கள், வெள்ளை மை தொடவே கூடாது. ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து.

1977ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 212(4) பிரிவின்படி, உங்கள் கண்டுபிடிப்புகளைப் பிரமாணப் பத்திரத்தோடு கோர்ட்டில் வைத்தால் அது முதல்நோக்கில் சான்றாக ஏற்கப்படும். எழுத்து தெளிவாக இருந்து எதிர்த்தரப்பு மறுக்காவிட்டால் நீங்கள் போகவே வேண்டியிருக்காது. சந்தேகம் கிளப்பும்படி இருந்தால் சம்மன் வரும். அது வருஷக்கணக்கில் கழித்து வரலாம், அப்போது நீங்கள் வேறு ஊரில் இருக்கலாம். மூலப்படிவம் போலீஸோடு போய்விடும், ஆகவே அதை ஒப்படைக்கும் முன் நகல் எடுத்து நோயாளியின் ஃபைலில் வைத்துவிடுங்கள். யாரிடம், எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்பதையும் ஃபைலில் குறியுங்கள். மறுநாள் எக்ஸ்ரேயைப் பார்த்த ரேடியாலஜிஸ்ட் மண்டையோட்டில் மெல்லிய முறிவு இருக்கிறது என்று சொன்னால், பழைய படிவத்தில் இடுக்கில் சேர்க்காதீர்கள். அன்றைய தேதியிட்டு, அதே காஸ் நம்பரோடு, தனித்தாளில் கூடுதல் அறிக்கை எழுதி, கையெழுத்துப் போட்டு விசாரணை அதிகாரியிடம் கொடுங்கள்.